காபிக் கோப்பையைக் கீழே வைக்கும் இடம்: ஒரு பைலட்டுக்கான விடைபெறு உரை உருவான விதம்

சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களில் ஏறி வழிகாட்டும் பைலட்டாக இருந்த கேப்டனுக்கு விடைபெறு விருந்து இரண்டு முறை நடந்தது. முதலாவது வேலையிடத்தில், ஆங்கிலத்தில். கேடயம் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், முடிந்தது. இரண்டாவது லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடியில், தமிழில். வந்தவர்கள் அறுபது பேர் இருப்பார்கள். அவர் மனைவி, அக்கா தங்கைகள், மருமகப்பிள்ளைகள், கூட வேலை பார்த்த நாலைந்து பைலட்டுகள், அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோய்விடும் லாஞ்சுப் படகை ஓட்டிய ஒரு மலாய்க்காரர். அங்கே பேச வேண்டியது அவருடைய மகள். ஒரு மாதத்துக்கு முன்பு அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். “அங்கிள், ஏழு நிமிஷம் பேசணும். எழுதிட்டேன். பார்த்துத் திருத்திக் கொடுங்க” என்றாள்.

கல்யாணத்துக்கும் பிரிவு விருந்துக்கும் மேடையில் பேசுவது இப்போது என் வேலை. அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் இழுவைப் படகில், நாங்கள் டக் என்று சொல்வதில், கயிறு பிடித்தவன். அதனால்தான் என்னிடம் வந்தாள். அந்த உரை மூன்று முறை எழுதப்பட்டது. மூன்றாவதிலும் ஒரு பிழை தங்கிவிட்டது. அந்தப் பிழை என்னுடையது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “கடலன்னையின் மடியில் முப்பத்தொரு ஆண்டுகள் தவழ்ந்து, ராட்சதக் கப்பல்களின் சுக்கானைத் தன் இரும்புக் கரங்களால் திருப்பி…” இதை அவள் போனில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவள் மீது தப்பில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. விடிகாலை இரண்டு மணிக்குப் போன் அடிக்கும், போவார், வருவார், தூங்குவார். அவ்வளவுதான்.

துறைமுகப் பைலட் சுக்கானைத் தொடுவதே இல்லை. அவர் கப்பலை நடத்தும் மேல்தள அறையான பிரிட்ஜில் நின்றுகொண்டு வாயால் சொல்வார்: “போர்ட் டென்.” சுக்கானை இடது பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று அர்த்தம். சுக்கான் பிடிப்பவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புவார், திரும்பியதும் இன்னொரு முறை சொல்வார். பைலட் சுக்கான் காட்டியின் முள்ளைப் பார்த்து, சொன்னபடி போகிறதா என்று உறுதி செய்துகொள்வார். இடது என்று சொன்னதை வலது என்று கேட்டுக்கொண்டால் அந்தத் திருப்பிச் சொல்லலில் பிடிபட்டுவிடும். இன்னொன்று, கப்பல் அவருடையது அல்ல. பைலட் ஏறிய பிறகும் கப்பலின் பொறுப்பு அதன் கேப்டனிடம்தான் இருக்கிறது. முன்பின் பார்க்காத ஓர் ஆளின் கப்பலில் ஏறி, பத்து நிமிஷத்துக்குள் அவருடைய நம்பிக்கையைச் சம்பாதித்து, அவருடைய ஆட்களிடம் வேலை வாங்கி, இரண்டு மணி நேரத்தில் இறங்கிப் போய்விட வேண்டும். பெரும்பாலும் அந்த ஆளை மறுபடி பார்க்கப் போவதில்லை. இரும்புக் கரம் அங்கே எதற்கும் உதவாது.

வரைவின் நடுவில் ஒரு கணக்கு வேறு இருந்தது. இத்தனை ஆண்டு, ஆண்டுக்கு இத்தனை நாள், நாளுக்கு இத்தனை கப்பல், ஆக மொத்தம் இருபதாயிரத்துக்கும் மேல். கணக்கில் குற்றமில்லை. ஆனால் கேட்கிறவர் மனதில் அது எதையும் காட்டாது. இருபதாயிரம் கப்பல் என்பதும் நாற்பதாயிரம் கப்பல் என்பதும் காதுக்கு ஒன்றுதான். இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். எடுத்த பிறகு பார்த்தால் ஏழு நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம்தான் மிச்சம்.

சரி, அவரிடமே கேட்போம் என்று ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். என் முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: “மறக்க முடியாத சம்பவம் ஏதாவது சொல்லுங்க, கேப்டன்.” அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒண்ணும் இல்லையே” என்றார். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்த வேலை நன்றாக நடந்தால் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. பைலட்டுக்குச் சம்பவம் என்றால் விசாரணை, அறிக்கை, கையெழுத்து. முப்பத்தொரு ஆண்டுகள் சம்பவம் இல்லாமல் இருக்கத்தான் அவர் பாடுபட்டார். அப்படிப்பட்டவரிடம் போய்ச் சம்பவம் கேட்டால் எப்படிச் சொல்வார்?

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வேறு கேள்வி தோன்றியது. கப்பலில் ஏறியதும் பைலட்டுக்குக் காபி கொடுப்பது வழக்கம். “வர்ற வழியில எந்த இடத்துல காபிக் கோப்பையைக் கீழ வைப்பீங்க?”

கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. “லாப்ரடார் முனையில அந்தச் சிவப்பு பீக்கன் கண்ணுல பட்டதும்.”

பீக்கன் என்பது கப்பல்களுக்கு வழி காட்டும் அடையாளத் தூண். அது நிற்கும் இடம்தான் கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாயில். ஒரு பக்கம் லாப்ரடார், மறுபக்கம் செந்தோசாத் தீவின் சிலோசோ முனை. பழைய சீன மாலுமிகள் டிராகன் பல் வாயில் என்று சொன்ன இடம் இதுவாக இருக்கலாம் என்பார்கள். வாயிலில் நின்ற பாறையை 1848இல் ஆங்கிலேயர்கள் வழியை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது லாப்ரடார் கரையில் நிற்பது 2005இல் வைத்த மாதிரிப் பாறை. இன்று அந்த வாயிலுக்குள்ளே அடுக்குமாடி வீடுகளும் உல்லாசப் படகுத் துறையும் இருக்கின்றன. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே கப்பல் பழுதுபார்க்கும் தளங்கள் இருந்தன. கெப்பலின் கொள்கலன் முனையங்களும் துவாஸுக்கு இடம் பெயர்ந்துகொண்டிருக்கின்றன. அவரோடு சேர்ந்து அந்த நீர்வழியும் ஓய்வு பெறுகிறது என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். பயணக் கப்பல்கள் இன்னும் அந்த வழியாக வருகின்றன, பைலட்டுகளே உட்கார்ந்து கேட்கும் இடத்தில் அந்த வரி நிற்காது.

கோப்பையை ஏன் அங்கே வைப்பீர்கள் என்று கேட்டதும் ஒரு கப்பலின் கதை வந்தது. 1990களின் நடுவில், ஒரு விடிகாலை. பழுதுபார்க்க வந்த சரக்குக் கப்பல், நீளம் சுமார் 160 மீட்டர், சரக்கு எதுவும் இல்லை. காலிக் கப்பல் தண்ணீரில் உயரமாக மிதக்கும், பக்கச் சுவர் பெரிய பாய் மாதிரி காற்றை வாங்கும். கீழேயோ ப்ரொப்பெல்லர் பாதி தண்ணீருக்கு வெளியே தெரியும். காற்று பலமாகத் தள்ளும், சுக்கான் சோம்பலாகக் கேட்கும்.

வாயிலை நெருங்கும்போது சுமத்ரா வந்துவிட்டது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், மேற்கிலிருந்து வரிசையாக வரும் புயல்மழை. காற்று இரு மடங்கானால் அது கப்பலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மேற்கு வாயிலுக்குள் நுழையும் கப்பலுக்கு அது முதுகில் விழும் அடி. ஐந்து நாட் வேகத்தில் நுழைய நினைத்த கப்பல் ஏழைத் தொட்டுவிட்டது. ஏழு நாட் என்பது மணிக்கு 13 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். ஆனால் இந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. முக்கால் நிமிஷத்துக்குள் தன் முழு நீளத்தையும் கடந்துவிடும்.

இங்கேதான் சிக்கல். வேகத்தைக் குறைக்க இஞ்சினை நிறுத்தலாம். ஆனால் சுக்கானுக்கு உயிர் கொடுப்பதே ப்ரொப்பெல்லர் பின்னால் தள்ளும் நீர்தான், அது நின்றால் கப்பல் சொல் கேட்காது. சரி, பின்னோக்கி ஓட்டலாம் என்றால் அது இன்னும் மோசம். வலச்சுற்று ப்ரொப்பெல்லர் ஒன்று மட்டும் உள்ள கப்பலைப் பின்னோக்கி ஓட்டினால் அதன் பின்பகுதி இடது பக்கம் இழுக்கும், மூக்கு வலது பக்கம் திரும்பும். ப்ரொப்பெல்லர் பாதி வெளியே தெரிந்தால் அந்தத் திருப்பம் கூடுதலாக இருக்கும். உள்ளே நுழையும் கப்பலுக்கு வலது பக்கம் சிலோசோ பாறை. கரைக்கு அருகே இன்னொரு தொல்லையும் உண்டு: கப்பலுக்கும் கரைக்கும் நடுவே நீர் வேகமாக ஓடி அழுத்தம் குறையும், கப்பலின் பின்பகுதியைக் கரை தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

“அப்ப என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலையே. டக் பின்னால கட்டியிருந்துச்சு. இழுன்னு சொன்னேன்.”

இஞ்சின் மெதுவாக முன்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் டக் எதிர்த் திசையில் இழுத்தது. வேகம் குறைந்தது, ஆனால் ப்ரொப்பெல்லர் நீர் சுக்கான் மேல் விழுந்துகொண்டே இருந்ததால் கப்பல் சொல் கேட்டது. நேராக உள்ளே போய்விட்டார்கள். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம் இருக்கும். அந்தக் கப்பலின் கேப்டனுக்கு அது சிக்கலாகவே தெரிந்திருக்காது.

அங்கே நான் நிறுத்திக் கேட்டேன். அந்த டக் ஏன் பின்னால் கட்டியிருந்தது? டக்கில் வேலை பார்த்தவனுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். அன்றைய ஏற்பாட்டின்படி இரண்டு டக்கும் உள்ளே, தளத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியவை. இவர் ஏறியதும் ஒன்றை வாயிலுக்கு வெளியே வரச் சொல்லி, பின்புறம் நடுவில் கயிறு கட்டச் சொல்லியிருக்கிறார். காற்று இல்லை, மழை இல்லை, கடல் தட்டு மாதிரி கிடந்தது. கப்பலின் கேப்டன் எதற்கு என்று முகம் சுளித்தாராம். டக்கை முன்னதாகக் கட்டினால் நேரம், நேரம் என்றால் காசு. புயல் வந்த பிறகு டக்கைக் கூப்பிட்டிருந்தால், ஏழு நாட்டில் போகும் கப்பலின் பின்னால் வந்து கயிறு வாங்கிக் கட்டி முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

மகளிடம் இதைத்தான் சொன்னேன். உன் அப்பாவின் திறமை அந்த நாலு நிமிஷத்தில் இல்லை, அதற்கு இருபது நிமிஷம் முந்தி இருக்கிறது. உரை முழுவதும் இந்த ஒரு கப்பல்தான். மற்ற இருபதாயிரமும் வேண்டாம்.

இரண்டாவது வரைவு நான் எழுதியது. அது வேறு விதமாகத் தோற்றது. மேலே சொன்ன எல்லாவற்றையும் உள்ளே போட்டிருந்தேன். அவள் வாசித்துக் காட்டியபோது அவளுடைய அத்தை ஒருத்தி கூட இருந்தார். ப்ரொப்பெல்லர் பாதி வரும்போதே அத்தை போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கரை இழுக்கும் விஷயத்தை மூன்று வரி எழுதியிருந்தேன். அதற்குப் பதிலாக, சிராங்கூன் ரோட்டில் பஸ் உரசிக்கொண்டு போனால் சேலை முந்தானை பஸ் பக்கம் போகுமே, அதுதான் என்று ஒரு வரி வைத்தோம். அத்தை தலை நிமிர்ந்தார். ப்ரொப்பெல்லர் சுற்றும் திசையை எடுத்தே விட்டோம். “நிறுத்தினால் சொல் கேட்காது, பின்னால் போனால் பாறைப் பக்கம் திரும்பும்” என்பது போதும். பைலட்டுகளுக்கு ஏன் என்று தெரியும், மற்றவர்களுக்கு ஏன் என்று தெரிய வேண்டியதில்லை.

எழுத்துத் தமிழ் அவளுக்கு இன்னொரு முட்டுக்கட்டை. ‘நுழைந்துகொண்டிருந்தது’ என்ற சொல்லில் ஒவ்வொரு தடவையும் இடறினாள். தாளில் இருக்கட்டும், வாயில் ‘நுழையுது’ என்று சொல் என்றேன். ஒரு நிமிஷத்துக்குத் தொண்ணூற்றைந்து சொல் என்று வைத்துக்கொண்டால் ஏழு நிமிஷத்துக்கு அறுநூற்று அறுபத்தைந்து சொல். அதற்கு மேல் ஒரு வரி ஏறினால் ஒரு வரி இறங்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

எடுத்துவிட்டவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். முதல் வரைவில், “கேபிள் காரில் போகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டே கப்பலைக் கொண்டுபோவார்” என்று ஒரு நகைச்சுவை இருந்தது. அவள் பிறப்பதற்கு முந்தைய விஷயம், தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1983 ஜனவரி 29ஆம் தேதி எனிவெடோக் என்ற துளையிடும் கப்பலின் கோபுரம் செந்தோசா கேபிள் கார் வடத்தில் மாட்டியது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மற்றப் பெட்டிகளில் மாட்டிக்கொண்ட 13 பேரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அந்தத் துறைமுகத்தில் பைலட் முன்னால் கேபிள் கார் நகைச்சுவை சொல்லக் கூடாது. கேப்டனிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “உயரம் கேக்காம நான் ஒரு கப்பலையும் நகர்த்தினதில்லை” என்றார். அந்த வாக்கியத்தை மட்டும், காரணம் சொல்லாமல், உரையில் வைத்தோம். கப்பலின் பெயரும் அதன் கம்பெனியும் எங்கும் வரக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. விருந்தில் பத்துப் பேராவது போனில் படம் எடுப்பார்கள், அவர் சொன்னது சரிதான்.

ஏணி விஷயம் அவர் மனைவிக்காகச் சேர்த்தது. வெளியாட்களுக்குக் கப்பல் ஓட்டுவதுதான் ஆபத்தாகத் தெரியும். பைலட்டுகள் செத்துப்போவது கயிற்றேணியில். லாஞ்சு ஓடிக்கொண்டே இருக்கும் கப்பலின் பக்கத்தில் ஒட்டி ஓடும், பைலட் தாவி ஏணியைப் பிடிக்க வேண்டும். லாஞ்சு அலையில் உச்சிக்கு ஏறிய நொடியில்தான் கால் மாற்ற வேண்டும். அது கீழே இருக்கும்போது ஏணியைப் பிடித்தால், அடுத்த அலையில் லாஞ்சு மேலே வந்து காலை நசுக்கிவிடும். ஏணியில் ஏறும் உயரம் ஒன்பது மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கப்பல் அதைவிட உயரமென்றால் பக்கவாட்டுப் படிக்கட்டையும் சேர்த்து இறக்க வேண்டும். கேப்டன் வீட்டுக்கு வந்ததும் முதலில் சப்பாத்தைக் கழுவி அடிப்பாகத்தைத் தடவிப் பார்ப்பார் என்று அவர் மனைவி சொன்னார். ஏன் என்று அவர் கேட்டதே இல்லையாம்.

மூன்றாவது வரைவின் நடுப்பகுதி இது. கடைசியில் அவள் பாக்சிக், அதாவது மலாயில் மாமா, என்று கூப்பிடுவது லாஞ்சு ஓட்டியவரை:

“அப்பா கப்பல் ஓட்டுகிறார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம்தான் தெரிந்தது, அவர் எதையும் தொடுவதில்லை. பேசுகிறார், அவ்வளவுதான். வீட்டில் பேசாத மனிதர் அங்கே பேசுவதற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

காபி கொடுப்பார்கள், குடிப்பார். லாப்ரடாரில் சிவப்பு பீக்கன் தெரிந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். ஒரு நாள் அங்கே சுமத்ரா பிடித்துக்கொண்டது. காலிக் கப்பல், காற்று முதுகில் தள்ளுகிறது. நிறுத்தினால் சொல் கேட்காது. பின்னால் போனால் பாறைப் பக்கம் திரும்பும். அப்பா டக்கைப் பார்த்து இழு என்றார். கப்பல் நின்று நிதானமாக உள்ளே போனது. கதை முடிந்தது.

பெரிதாக எதுவும் நடக்கவில்லையே என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த டக் அங்கே இருக்க வேண்டியதே இல்லை. இருபது நிமிஷத்துக்கு முன்னால், காற்றே இல்லாதபோது, அப்பா அதை வரச் சொல்லியிருந்தார். நான் சின்ன வயதில் எங்கே போனாலும் குடை எடுத்துக்கோ என்று அவர் சொல்வார், எனக்கு எரிச்சலாக இருக்கும். அது வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த பழக்கம் என்று இப்போது புரிகிறது.

அம்மா, அந்தச் சப்பாத்து. அடியில் எண்ணெய் ஒட்டியிருந்தால் ஏணியில் கால் வழுக்கும். அதைத்தான் தினமும் தடவிப் பார்த்தார். உங்களிடம் சொன்னால் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை.

பாக்சிக், அந்த ஏணி வரைக்கும் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது நீங்கள்தான். தெரிமா காசி.”

அன்று அவள் ஒன்பது நிமிஷம் பேசினாள். தொடக்கத்தில் மைக் சரியில்லை. சம்பள நகைச்சுவைக்குப் பைலட்டுகள் மேசை மட்டும்தான் சிரித்தது. குடை வந்தபோது அவளுடைய அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார், அவருக்கும் அந்தக் குடை தெரியும் போல. சப்பாத்துப் பகுதியில் அம்மா கேப்டன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார், அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்தபடியேதான் போனது.

அப்புறம் கேப்டனைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றார், மைக்கை வாங்கவில்லை.

“நல்லாச் சொன்னே, மா. ஒண்ணு மட்டும் திருத்தணும். அன்னைக்கு மின்னலைப் பார்த்தது நான் இல்லை. நான் ஏணியைப் பிடிக்கப் போறேன், இவர்தான் தோள்ல தட்டி மேற்கே காட்டினார். பாருங்கன்னார். அதனாலதான் மேல போனதும் டக்கைக் கூப்பிட்டேன்.” பிறகு அதையே மலாயில் அந்த லாஞ்சுக்காரரிடம் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி, உட்காரச் சொன்னார்.

நான் கேப்டனிடம் பிரிட்ஜில் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டிருந்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஏறுவதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பாக்சிக் அந்த மாலை முழுக்க என் மேசையில், எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பிரியாணி காரமா என்று மட்டும் அவரிடம் கேட்டிருந்தேன்.